பிடித்து வைத்த பணமும் இறுதிக் கணக்கும்

கட்டட வேலை முடிந்து இறுதிக் கணக்கு அறிக்கை கைக்கு வந்ததும் ஒப்பந்ததாரர் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கே இருக்காது. கோபம் வரும். அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுவார்: எத்தனை வருடப் பழக்கம், ராப்பகலாய் நின்று முடித்துக் கொடுத்த வேலை, கம்பி விலை ஏறியும் வாய் திறக்காமல் இருந்தது, கடைசியில் இப்படிச் செய்துவிட்டீர்களே என்று. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தால் ஒரு ரூபாயும் நகராது. காரணம், அதைப் படிக்கும் கணக்காளர் கணக்கில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லியிருக்காது.

பெரும்பாலான சண்டை 'ரிடென்ஷன்' என்ற ஒரு வரியைச் சுற்றித்தான் நடக்கிறது. வேலை நடக்கும்போது போடுகிற ஒவ்வொரு ரன்னிங் பில்லிலும் ஐந்து சதவீதமோ பத்து சதவீதமோ உரிமையாளர் பிடித்து வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் பாதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் மீதி என்று அதைத் திருப்பித் தருவது பரவலான ஏற்பாடு. டிஎல்பி என்று சைட்டில் சொல்வது அந்தக் காலத்தைத்தான். பெரும்பாலும் ஒரு வருடம் இருக்கும். இந்தப் பழக்கத்தின் மூலத்தை 1840களில் பிரிட்டனில் ரயில்பாதைகள் தாறுமாறாகப் போடப்பட்ட காலத்தில் தேடுவார்கள். பாதியில் விட்டுவிட்டு ஓடும் ஒப்பந்ததாரர்களுக்குப் பயந்து ரயில் நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி இது என்பார்கள்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. பிடித்து வைத்த தொகை, செய்து முடித்து, அளந்து, பில்லில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலைக்கான கூலி. வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்த வாடகை அட்வான்ஸ் மாதிரி, அது இருப்பது அவர் கையில், சொந்தம் கொடுத்தவருக்கு. வருமான வரிச் சட்டமே அதை அப்படித்தான் பார்த்தது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 43சிபி பிரிவின்படி, கட்டுமான ஒப்பந்த வருமானத்தைக் கணக்கிடும்போது ரிடென்ஷன் தொகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டு அதன் பின்னாலேயே அலைகிற நிலை இப்படி வருகிறது. முழு பில் தொகைக்கும் விலைப்பட்டியல் போட்டிருந்தால் ஜிஎஸ்டியும் அப்போதே கட்டியாகியிருக்கும்.

உரிமையாளர் தரப்புக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசி பில் வாங்கிய பிறகு போன் எடுக்காத ஒப்பந்ததாரர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பள்ளி நிர்வாகியைக் கேட்டாலும் சொல்வார். மொட்டை மாடி முதல் மழையில்தான் தன் குணத்தைக் காட்டும். அது வரைக்கும் ஒரு பிடி வேண்டும் என்று அவர் நினைப்பது சரி. பிடித்து வைத்ததில் சண்டை குறைவுதான். விடவேண்டிய நாள் வந்தபிறகு அதையே வேறு வேறு பெயரில் கழிக்கத் தொடங்கும்போதுதான் சண்டை மூள்கிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட கணக்கு இது; ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நடைமுறையில் அடிக்கடி வருவதுதான். கொங்கு நாட்டில் ஓர் ஊர். ஓர் அறக்கட்டளை தன் பள்ளிக்கு வகுப்பறைக் கட்டடம் கட்டுகிறது. ஒப்பந்தத் தொகை 1,20,00,000 ரூபாய். ஒப்பந்ததாரர், இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் பிடித்தம். பணி முடிந்த சான்று கொடுத்ததும் பாதி, அதிலிருந்து பன்னிரண்டு மாதம் கழித்து மீதி. வேலை முடிந்து 2023 ஜூன் 10ஆம் தேதி சான்று கொடுக்கப்பட்டது. அன்றே சாவியும் கைமாறியது. குறைபாட்டுக் காலம் 2024 ஜூன் 9ஆம் தேதியோடு முடிந்தது. அதுவரை எட்டு பில் போட்டு, 1,18,00,000 ரூபாய்க்கு வேலை ஏற்றுக்கொள்ளப்பட்டு, 5,90,000 பிடிக்கப்பட்டிருந்தது. முதல் பாதியை நிர்வாகம் கொடுக்கவே இல்லை. "ஃபைனல் பில்லோடு சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்றார்கள். ஒப்பந்ததாரரும் அப்போது எழுத்தில் கேட்கவில்லை. இறுதி அளவெடுப்பு இழுத்துக்கொண்டே போய், 2024 செப்டம்பர் 16ஆம் தேதியிட்ட இறுதிக் கணக்கு அறிக்கை செயலாளர் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. ஜிஎஸ்டியைத் தனியே வைத்துவிட்டால் அது இப்படி இருந்தது:

அளந்த மொத்த வேலை மதிப்பு: 1,26,00,000
இதுவரை கொடுத்தது: 1,12,10,000
மீதி: 13,90,000
கழிவு, ரிடென்ஷன் ஐந்து சதவீதம்: 6,30,000
கழிவு, குறைபாடு சரிசெய்த செலவு: 2,28,000
கழிவு, தாமதத்துக்கான இழப்பீடு: 1,20,000
நிகரம்: 4,12,000

முதல் மூன்று வரியில் சண்டை இல்லை. மீதியான 13,90,000-இல், ஒன்பதாவது பில்லில் வந்த புதிய வேலை 8,00,000. முன்பு பிடித்து வைத்தது 5,90,000. இரண்டையும் கூட்டினால் சரியாக வருகிறது. இந்தக் கூட்டலைக் கடிதம் எழுதுமுன் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். 'இதுவரை கொடுத்தது' என்ற வரியில் சில கணக்காளர்கள் கையில் கொடுத்த தொகைக்குப் பதிலாக பில்லில் ஏற்ற மொத்தத் தொகையைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் ரிடென்ஷன் ஒருமுறை அங்கேயே மறைந்துபோகும். கீழே கழிவில் இன்னொரு முறையும் போகும். டிடிஎஸ் பிடித்ததைக் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒப்பந்ததாரரின் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று படிவம் 26ஏஎஸ்-இல் பார்த்துக்கொள்ளலாம். முழு பில்லுக்கும் அப்போதே டிடிஎஸ் பிடித்திருந்தால், ரிடென்ஷனை விடும்போது அதே தொகைக்கு மறுபடி பிடிக்கக் கூடாது.

நான்காவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. ரிடென்ஷன் 6,30,000 என்று போட்டிருக்கிறார்கள். பழைய 5,90,000-உடன் கடைசி பில்லுக்கும் ஐந்து சதவீதமாக 40,000 புதிதாகப் பிடித்திருக்கிறார்கள். குறைபாட்டுக் காலம் முடிந்து மூன்று மாதம் ஆன பிறகு, அந்தக் காலத்துக்கான பிணையாகப் புதுப் பிடித்தம் எதற்கு? அடுத்த வரி இன்னும் விசித்திரமானது. குறைபாடு சரிசெய்த செலவென்று 2,28,000 தனியாகக் கழிக்கிறார்கள். குறைபாட்டுச் செலவுக்குத்தான் ரிடென்ஷன் பிடித்து வைத்தது. செலவை மீதியிலிருந்து கழித்துக்கொண்டால் ரிடென்ஷனை விட்டுவிட வேண்டும். ரிடென்ஷனிலிருந்து கழிப்பதானால் மீதியைத் தொடக் கூடாது. ஒரே குறைக்கு இரண்டு இடத்தில் பணம் நிற்கிறது. நான் பார்த்தவரை இறுதிக் கணக்குகளில் அதிகம் வரும் பிழை இதுதான். அதிலும் பாதி, வேண்டுமென்று செய்வதில்லை. ரிடென்ஷன் வரியைக் கணக்காளர் பழைய பில் படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறார். குறைபாட்டுச் செலவை இன்ஜினியர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்து ஒருவரும் யோசிப்பதில்லை.

ஆகவே பதில் கடிதத்தின் முதல் வேலை இரண்டு கேள்வியைப் பிரித்து வைப்பது. ரிடென்ஷனை விடவேண்டிய நாள் வந்துவிட்டதா என்பது ஒன்று. அதற்கு ஒப்பந்தத்தின் ஒரு பிரிவும் இரண்டு தேதியும் போதும். இன்னின்ன கழிவு சரியா என்பது வேறு. அதற்கு ஒவ்வொரு கழிவுக்கும் தனியாக ஒப்பந்தப் பிரிவு, முன்னறிவிப்பு, ரசீது மூன்றும் வேண்டும், அவற்றைக் காட்டவேண்டியவர் கழிக்கிறவர். இரண்டையும் கலந்து எழுதினால் மொட்டை மாடி ஒழுகியதா இல்லையா என்ற வாதத்துக்குள் ரிடென்ஷன் முழுவதும் முழுகிவிடும். பிரித்து எழுதினால், மாடி விவகாரம் எப்படி முடிந்தாலும் அதற்கு மேற்பட்ட தொகை வெளியே நிற்கும்.

அந்தக் கடிதத்தின் தொடக்கத்தை நான் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, தங்கள் 16.09.2024 தேதியிட்ட இறுதிக் கணக்கு அறிக்கை கிடைத்தது. மொத்த வேலை மதிப்பு, இதுவரை கொடுத்த தொகை, மீதி 13,90,000 ரூபாய் ஆகிய மூன்றையும் ஏற்றுக்கொள்கிறோம். கழிவுகளில் 18,000 ரூபாயை ஏற்கிறோம். மற்ற 9,60,000 ரூபாய்க் கழிவுகளை ஏற்கவில்லை. காரணங்களைக் கீழே தனித்தனியே எழுதியுள்ளோம். எங்கள் கணக்குப்படி நிகரம் 13,72,000 ரூபாய். இதில் சர்ச்சையில்லாத 4,12,000 ரூபாயை உடனே வழங்கக் கேட்டுக்கொள்கிறோம். அதைப் பெறுவது எங்கள் மற்றக் கோரிக்கைகளைக் கைவிடுவதாகாது."

முதல் பத்தியிலேயே எது சம்மதம், எது இல்லை, எவ்வளவு என்பது வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை இன்று செயலாளர் படிப்பார். நாளை அறக்கட்டளையின் தணிக்கையாளர் படிக்கலாம், நாளை மறுநாள் ஒரு நடுவர் படிக்கலாம். அந்த நடுவருக்கு இந்தப் பள்ளியும் தெரியாது, இந்த ஒப்பந்ததாரரின் நேர்மையும் தெரியாது. அவர் கையில் இருக்கப்போவது காகிதம் மட்டுமே.

அந்த 18,000 என்ன? 2024 மே 12ஆம் தேதி பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டு, சுவரில் தண்ணீர் வழிகிறது. குறைபாட்டுக் காலத்துக்குள் வந்த சரியான புகார். ஒப்பந்ததாரர் பிளம்பரை அனுப்பவில்லை. பள்ளி தானே ஆள் வைத்துச் சரிசெய்து பில் வைத்திருக்கிறது. இதை மறுத்து எழுதினால் மறுப்பு நிற்காது, மற்ற மறுப்புகளின் மதிப்பும் குறையும். "இந்தத் தொகையை ஏற்கிறோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டும். தவறைக் கொஞ்சமும் ஒப்புக்கொள்ளாத கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்துக்குள் எதையுமே நம்பத் தோன்றாது.

மாடிக் கதைக்கு வருவோம். 2023 நவம்பர் 2ஆம் தேதி, வடகிழக்குப் பருவமழை நாட்களில், இரண்டு வகுப்பறைகளின் கூரையில் ஓதம் தெரிகிறது என்று புகார் வந்தது. ஒப்பந்ததாரர் ஆள் அனுப்பி இரண்டு இடத்தில், மொத்தம் 120 சதுர அடி, தட்டோட்டைப் பெயர்த்து நீர்த்தடைப் பூச்சைப் புதுப்பித்தார். பிறகு அங்கே கரை கட்டித் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் பார்த்தார்கள். கீழே கூரை உலர்ந்தே இருந்தது. நவம்பர் 24ஆம் தேதி பள்ளியின் இன்ஜினியரும் ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசரும் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு மாதம் பேச்சில்லை. 2024 ஜூலை 18ஆம் தேதி, அதாவது காலம் முடிந்து ஐந்து வாரம் கழித்து, மாடி மறுபடி ஒழுகுகிறது என்று கடிதம். பதில் போவதற்குள் வேறு ஒரு நிறுவனத்தை வைத்து மாடி முழுவதும், 3,000 சதுர அடி, சதுர அடிக்கு 70 ரூபாய் வீதம் புதிய பூச்சு போட்டுவிட்டார்கள். அதுதான் 2,10,000.

இந்தக் கழிவுக்கு எதிராக எழுத ஒப்பந்ததாரரிடம் ஏகப்பட்ட விஷயம் இருக்கிறது, அதுவே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் வலுவானது எது, நப்பாசை எது என்று படிப்பவருக்குத் தெரியாது. வலுவானதை முன்னால் வைக்க வேண்டும். ஒப்பந்தப்படி குறையை எழுத்தில் தெரிவித்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள் ஒப்பந்ததாரர் வராவிட்டால்தான் வேறு ஆள் வைத்து அவர் செலவில் செய்யலாம். அந்த அவகாசம் கொடுக்கப்படவில்லை. இது முதல். காலத்துக்குள் வந்த புகார் சரிசெய்யப்பட்டு, சோதித்து, கையெழுத்தானது. அந்தத் தாளின் நகல் இணைப்பு 3. இது அடுத்தது. காரணம் பற்றிய வாதத்தை அதற்குப் பிறகே வைக்க வேண்டும்: 2024 மார்ச்சில் பள்ளி சூரிய ஒளித் தகடுகள் பொருத்தியது, தாங்கு சட்டங்களின் கால்களைப் போல்ட் போட்டு மாடித் தளத்தில் இறக்கினார்கள், புதிய ஓதம் தெரியும் இடங்கள் அந்தக் கால்களுக்கு நேர் கீழே இருக்கின்றன.

மூன்றாவதைச் சொல்லும்போது அடக்கம் வேண்டும். போல்ட் துளை நீர்த்தடையைக் கிழிக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு புகைப்படம் காரணத்தை நிரூபிக்காது. பழைய இரண்டு இடங்களையும் புதிய ஓதம் தெரியும் இடங்களையும் ஒரே மாடி வரைபடத்தில் குறித்துக் காட்டுவது நூறு வார்த்தையை விட மேல். பழைய இடங்களில் மறுபடி ஓதம் இருந்தால் வாதம் திரும்பி அடிக்கும் என்பதால் வரைபடம் போடுமுன் போய்ப் பார்த்துவிட வேண்டும். கூட்டு ஆய்வுக்கு ஒரு தேதியையும் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

கடைசியாக, 'அப்படியே பொறுப்பு எங்களுடையது என்று வைத்துக்கொண்டாலும்' என்று தொடங்கும் பத்தி. பலர் இதை எழுதத் தயங்குவார்கள், ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடுமோ என்று. ஆகாது, நிபந்தனையோடு சொல்வது ஒப்புதல் அல்ல. புகார் எழுந்த பரப்பு 120 சதுர அடி. அவர்கள் கொடுத்த அதே 70 ரூபாய் வீதத்தில் 8,400 வருகிறது. ஒப்பந்தத்தில் இருந்ததைவிட உயர்ந்த பூச்சை மாடி முழுவதும் போட்டுக்கொண்டு அந்தச் செலவை முழுதாகப் பழைய ஒப்பந்ததாரர் தலையில் கட்ட முடியாது. 2,10,000-க்கும் 8,400-க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்த பிறகு, நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் "இதை மறுபடி பார்க்கணும்" என்று சொல்லுவார்.

ஆனால் ஒப்பந்ததாரர்கள் தவறாக நம்பும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டிஎல்பி முடிந்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் தீர்ந்துவிடுவதில்லை. கம்பியைக் குறைத்துக் கட்டியது, கான்கிரீட்டில் கலவை மோசம் என்பது போன்ற மறைந்த குறை பின்னால் வெளிப்பட்டால், ஒப்பந்த மீறலுக்காக உரிமையாளர் வழக்குப் போட வழி உண்டு. காலம் முடிந்ததும் தீர்வது பிணைப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் உரிமை. 'காலம் முடிந்துவிட்டது, இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்ற வாக்கியம் கடிதத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

தாமத இழப்பீட்டு வரி சிறியது, ஆனால் கடினமானது. வேலை முடியவேண்டிய நாள் 2023 மே 27. முடிந்தது ஜூன் 10. இரண்டு வாரம். வாரத்துக்கு அரை சதவீதம் என்பது ஒப்பந்தம், ஆக 1,20,000. கணக்கில் தப்பில்லை. ஒப்பந்ததாரர் தரப்பில் இரண்டு பதில் இருக்கிறது. கழிப்பறை ஓடுகளைத் தேர்வு செய்து கொடுக்கப் பள்ளி மூன்று வாரம் எடுத்துக்கொண்டது என்று 2023 மார்ச் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. கட்டடத்தை எடுத்துக்கொண்ட அன்று தாமதத்துக்கு இழப்பீடு கேட்போம் என்று பள்ளி சொல்லவில்லை. இந்த இரண்டாவதற்கு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு துணை நிற்கிறது. நேரம் தவறியதால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை இருந்தும், தாமதமான வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப்போவதாகத் தெரிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கேட்க முடியாது என்கிறது அது.

இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. கூட்டக் குறிப்பில் தாமதம் பதிவானதே தவிர, கால நீட்டிப்புக் கொடுத்ததாக எழுதவில்லை. 55ஆவது பிரிவு எல்லா ஒப்பந்தத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. இழப்பீட்டை எந்த பில்லிலும் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு. என் கணிப்பில், பேச்சுவார்த்தை என்று வந்தால் விட்டுக்கொடுக்க இடம் இருப்பது இந்த வரியில்தான். கடிதத்தில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டக் குறிப்பை இணைத்து, 55ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, நான்கு வரியில் முடித்துவிடலாம்.

ரிடென்ஷன் பத்தி அதைவிடவும் சுருக்கமாக வரும். எட்டு பில்களில் பிடித்த 5,90,000-இல் பாதியான 2,95,000, 2023 ஜூன் 10ஆம் தேதியிலேயே தரவேண்டியது. மறுபாதி 2024 ஜூன் 10ஆம் தேதி. கடைசி பில்லில் பிடித்த 40,000-க்கு அடிப்படையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி. வட்டியையும் இங்கேதான் கேட்க வேண்டும். எழுத்து ஒப்பந்தப்படி குறிப்பிட்ட நாளில் தரவேண்டிய கடன் என்றால் அந்த நாளிலிருந்தும், அப்படி இல்லையென்றால் வட்டி கேட்போம் என்று எழுத்தில் அறிவித்த நாளிலிருந்தும் வட்டி வழங்க 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. 'இந்தத் தேதிகளிலிருந்து வட்டியும் கோருகிறோம்' என்ற ஒற்றை வாக்கியத்துக்கு அந்த மதிப்பு உண்டு. சிறு, குறு நிறுவனச் சட்டத்தில் உள்ள 45 நாள் கெடுவையும் கூட்டு வட்டியையும் சிலர் எழுதிவிடுகிறார்கள். கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதால், அதையே முதன்மை வாதமாக வைத்து எழுதக் கூடாது.

இவ்வளவும் எழுதி இரண்டு பக்கத்துக்குள் முடியும், இணைப்புகள் தனி. கடிதம் போனபின் நடக்கிற ஒரு காட்சி எல்லா ஊரிலும் ஒன்றுதான். கணக்காளர் போன் பண்ணுவார். "அண்ணே, நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் செக் ரெடியா இருக்கு. இந்த நோ க்ளெய்ம் சர்டிஃபிகேட்ல ஒரு கையெழுத்து போட்டுட்டு வாங்கிட்டுப் போங்க." அந்தத் தாளில், எல்லாக் கணக்கும் முழுதாகத் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருக்கும். வெள்ளிக்கிழமையாக இருக்கும், சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போடவேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் நேஷனல் இன்சூரன்ஸ், போகாரா பாலிஃபேப் வழக்கில் விரிவாகப் பேசியது. நிர்ப்பந்தத்தில் வாங்கிய தீர்வுச் சீட்டு கோரிக்கையை அடைத்துவிடாது, அது நிர்ப்பந்தமா இல்லையா என்பதை விசாரிக்கலாம் என்றது. இதைக் கேட்டுவிட்டு 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. 2011இல் மாஸ்டர் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் அதே நீதிமன்றம், நிர்ப்பந்தம் என்று வெறுமனே சொன்னால் போதாது, அதற்கு ஆதாரத்தின் சாயலாவது வேண்டும் என்று சொல்லிவிட்டது. பிறகு நிரூபித்துக்கொள்ளலாம் என்பதைவிட, அந்தத் தாளிலேயே தேதி போட்டு 'எங்கள் பதில் கடிதத்தில் உள்ள மறுப்புகளுக்கு உட்பட்டு, 4,12,000 ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எளிது. அதற்குச் சம்மதிக்காமல் செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டால், அன்று மாலையே நடந்ததை நடந்தபடி எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். நிர்ப்பந்தத்துக்கு ஆதாரம் அதுதான். ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவையும் தேடிப் பார்க்க வேண்டும்: இறுதிக் கணக்கு கிடைத்த இத்தனை நாளுக்குள் மறுக்காவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். முப்பது நாள் என்று இருந்தால், நல்ல கடிதத்தை முப்பத்தோராம் நாள் அனுப்பிப் பயன் குறைவு.

காலக்கெடுவைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். பணம் கேட்டு வழக்குப் போட 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்று வருடம். நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தால் இந்த மூன்று வருடம் நீளும் என்று நினைக்கிறார்கள். நீளாது. கேட்கிறவர் நூறு கடிதம் எழுதினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பணம் தரவேண்டியவர் தன் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான், கெடு முடிவதற்குள் அது நடந்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். இது அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. அதில் ஒரு விளக்கம் இருக்கிறது: கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று சொல்லியிருந்தாலும், கொடுக்க மறுத்திருந்தாலும், தனக்கு வரவேண்டியதைக் கழித்துக்கொள்வதாகச் சேர்த்து எழுதியிருந்தாலும் ஒப்புதல் ஒப்புதலாகவே நிற்கலாம்.

நம் அறிக்கையின் நான்காவது வரியை இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்கலாம். 'ரிடென்ஷன் ஐந்து சதவீதம்: 6,30,000.' கீழே செயலாளரின் கையெழுத்து, தேதி 16.09.2024. இத்தனை ரூபாய் உங்கள் பணம் எங்களிடம் இருக்கிறது என்று பள்ளியே எழுதிக் கொடுத்த தாள் இது என்று வாதாடலாம். முதல் பாதிக்கான மூன்று வருடம் 2026 ஜூனில் தீரவேண்டியது; இந்தக் கையெழுத்தை வைத்து அதை 2027 செப்டம்பர் வரை கொண்டுபோக முடியும். அந்த வாதத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. முதல் கெடுவுக்குள்ளேயே நடுவர் மன்ற நோட்டீசோ வழக்கோ போய்விடுவது பத்திரம். ஆனாலும் கோபத்தில் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதில் கடிதத்தின் முதல் இணைப்பாக அந்த அறிக்கையின் நகலைச் சேர்த்து, மூலத்தை உறையோடு கோப்பில் வைத்துக்கொண்டு, கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிட்டு, அதன் பிறகு கூட்டு ஆய்வுக்கு நாள் கேட்டு இன்ஜினியருக்குப் போன் செய்யலாம்.